“வேறு எதை யோசித்தாய்?”

இயற்பியல் ஆசிரியர், திருச்சி:
நீட் தேர்வில் இரண்டு முறை தேவையான மதிப்பெண் எட்டாத என் பழைய மாணவி, மூன்றாம் முறை எழுதுவதற்கு முன்பாகச் சான்றிதழ் ஒன்று வாங்கப் பள்ளிக்கு வந்தாள். மருத்துவம் தவிர வேறு எதையாவது யோசித்ததுண்டா என்று கேட்டேன். கையிலிருந்த கோப்பின் ஓரத்தைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டே, “அப்படி யோசிக்கலாம் என்றே தோன்றியதில்லை சார்” என்றாள். பதினோராம் வகுப்பில் கணிதம் இல்லாத தாவரவியல், விலங்கியல் பிரிவை வகுப்பிலேயே முதல் ஆளாக எழுதிக் கொடுத்தவள் அவள்தான். தெளிவான பிள்ளை என்று அன்று எல்லோர் முன்னிலையிலும் பாராட்டியவன் நான்.

இரு பிள்ளைகளின் தாய், ஈரோடு:
பெற்றோரைக் குறை சொல்வது எளிது சார். என்னை வணிகவியலில் சேர்த்தவர் அப்பாதான். இன்று தணிக்கையாளராக நிறைவாகவே இருக்கிறேன்.

மாணவர் ஆலோசகர், மதுரை:
சகோதரி, சார் யாரையும் குறை சொல்லவில்லை. இளையோரிடம் உளவியலாளர் ஜேம்ஸ் மார்சியா தேடிய இரண்டு விஷயங்கள், மாற்று வழிகளை எடைபோட்டுப் பார்த்தார்களா என்பதும், ஒன்றில் உறுதியாக நிற்கிறார்களா என்பதும்தான். உங்களுக்கும் அந்தப் பெண்ணுக்கும் உறுதி இருந்தது, தேடல் இல்லை. உங்களுக்குப் பாதை ஒத்துவந்ததால் வேறுபாடு வெளியே தெரியவில்லை. 1966இல் அவர் வெளியிட்ட ஆய்வில், தேடாமல் உறுதிகொண்டவர்கள் தோல்விக்குப் பிறகும் எட்டாத இலக்கைத் தாழ்த்திக்கொள்ளத் தயங்கினார்கள். அவர் பார்த்தது கல்லூரி ஆண்களை மட்டும்தான் என்றாலும், மூன்றாம் முறை எழுதும் பிள்ளைகளிடம் இதை நான் அடிக்கடி காண்கிறேன். தேர்ந்தெடுத்த தொழிலில் பிடிக்காதது எது என்று கேட்டுப் பாருங்கள்; தேடியவர் உடனே சொல்வார், தேடாதவர் அது யாருடைய ஆசை என்பதைத்தான் சொல்வார்.

கல்லூரி மாணவன், கோவை:
நான் இரண்டு ஆண்டுகளில் வடிவமைப்பு, சட்டம், உளவியல், நிரலாக்கம் என நான்கையும் தொட்டுப் பார்த்தும் இன்னும் எதிலும் நிலைக்கவில்லை. ஆகவே தேடு என்று மட்டும் சொல்லாதீர்கள். அகலமாகத் தேடுவது வேறு, ஒன்றினுள் இறங்கிப் பார்ப்பது வேறு. ஒரு துறையில் வேலை செய்பவரோடு இரண்டு நாள் முழுக்க இருந்து, அவருக்குச் சலிப்பூட்டும் பகுதி எது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பகுதியை நாள்தோறும் உங்களால் செய்ய முடியுமா என்று பாருங்கள். பிறகு அடுத்த துறைக்குப் போங்கள். பிளஸ் டூ முடியும் வரை எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை.

இயற்பியல் ஆசிரியர், திருச்சி:
கடைசி வரியை மட்டும் ஏற்க முடியவில்லை தம்பி. கணிதம் படிக்காதவருக்குப் பொறியியல் பிரிவுகளில் பெரும்பாலானவை பதினோராம் வகுப்பிலேயே மூடிவிடுகின்றன. கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவில் இரண்டு கதவுகளும் திறந்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் கணிதத்தில் திணறும் பிள்ளைக்கு நீட் பயிற்சிக்கான நேரம் அதிலேயே கரைந்துவிடும். இதற்கு என்னிடம் விடை இல்லை.

நீங்கள் சொன்னபடி அவளை ஓர் இயன்முறை மருத்துவரிடம் இரண்டு நாள் இருந்து பார்க்கச் சொன்னேன். மறுநாள் அவள் அப்பா தொலைபேசியில் அழைத்து, “இருக்கிற நேரத்தில் நீங்களும் குழப்ப வேண்டாம் சார்” என்றார். அவள் வியாழக்கிழமை போயிருக்கிறாள்.