ஏற்காடு: அப்பாவின் ஆயுள் சான்றிதழுக்கு உதவி தேவை

அப்பா இங்கே காபித் தோட்டத்தில் வேலை பார்த்தவர், பி.எஃப். ஓய்வூதியம் வாங்குகிறார். ஆயுள் சான்றிதழ் கொடுப்பது எல்லோருக்கும் நவம்பர்தானே என்று இருந்துவிட்டோம், ஆனால் இதில் போன முறை கொடுத்த தேதியிலிருந்து ஒரு வருடம்தான், அது ஆகஸ்டில் முடிந்து பணம் நின்றுவிட்டது. சான்றிதழ் ஏறினால் நிலுவையும் சேர்ந்து வரும், சரி.

சேலத்துக்குக் கூட்டிப்போய் நாலு தடவை வைத்தும் ரேகை விழவில்லை, காபிப் பழம் பறித்தே தேய்ந்த விரல்கள். அப்புறம் போனில் Jeevan Pramaan, AadhaarFaceRD இரண்டையும் போட்டு, வாசல் வெளிச்சத்தில் உட்கார வைத்துக் கண் சிமிட்டச் சொன்னதும் பிரமாண் எண் வந்துவிட்டது. ஆனால் பி.பி.ஓ. எண்ணில் ஒரு இலக்கம் தப்பாகப் போட்டிருக்கிறேன்.

நிராகரிக்கும் வரை காத்திருக்க வேண்டுமா, இல்லை இன்றே சரியான எண்ணோடு புதிதாகப் பதியலாமா? செய்தவர்கள் சொல்லுங்கள், அவர் மருந்துக்கு அந்தப் பணம்தான்.