தீபாவளி முறுக்குக் கடை: இங்கிலாந்தில் மூன்று வார இறுதிகளுக்கு மட்டும்

க்ராய்டன் புதுவரவு:
கணவர் ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் இருக்கிறார், நான் அவருடைய டிபென்டன்ட். 2026 நவம்பர் 8 தீபாவளி. அதற்கு முந்தைய மூன்று வார இறுதிகளில் கோயில் மண்டபத்தில் மேசை போட்டு முறுக்கும் ரவா லட்டும் விற்க ஆசை. சமைப்பது வீட்டில்தான். எங்கே தொடங்குவது?

லெஸ்டர்வாசி:
வருடத்துக்கு 1,000 பவுண்டுக்குள் என்றால் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை தங்கச்சி. தைரியமாக மேசையைப் போடுங்கள்.

ஹாரோ அக்கா:
தம்பி, அது வருமான வரிக்கான கணக்கு. அதுவும் லாபம் இல்லை, மொத்த விற்பனை. உணவுப் பதிவு வேறு. உங்கள் வீடு இருக்கும் கவுன்சிலில் விற்பனை தொடங்க 28 நாளுக்கு முன்பே பதிய வேண்டும். கட்டணம் கிடையாது. முதல் கடை அக்டோபர் 24 என்றால் செப்டம்பர் 26-க்குள் பதிந்துவிடுங்கள். சமையலறையைப் பார்க்க அதிகாரி வரலாம். வாடகை வீடு என்றால் உரிமையாளரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். டிபென்டன்ட் விசாவில் சொந்தத் தொழில் செய்யலாம். ஆனால் கடை உங்கள் பேரில்தான் இருக்க வேண்டும், கணவர் பேரில் கூடாது.

பலர் கோட்டை விடுவது லேபிளில். முறுக்கை முன்கூட்டியே பையில் கட்டி விற்றால், பொருளின் பெயரும் சேர்த்த எல்லாப் பொருட்களும் பையில் இருக்க வேண்டும். ஒவ்வாமை தரும் பொருட்கள் தடித்த எழுத்தில் தெரிய வேண்டும். எள், நெய், முந்திரி எல்லாருக்கும் நினைவு வரும். பெருங்காயம் வராது. கடையில் வாங்கும் தூளில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். அரிசி மாவு முறுக்குதானே என்று கோதுமை ஆகாதவர் வாங்கிச் சாப்பிட்டால் என்ன ஆகும்? டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு லேபிள் எழுதுங்கள்.

அப்புறம், முறுக்கு முழுசாக ஆறின பிறகே பையில் போடுங்கள். சூடாகக் கட்டினால் பைக்குள் வேர்த்து மறுநாளே நமுத்துவிடும். ரவா லட்டுக்குப் பால் தெளிக்க வேண்டாம், நெய்யிலேயே பிடியுங்கள். பால் சேர்த்தது சீக்கிரம் கெட்டுவிடும்.

பர்மிங்காம் மாணவன்:
அக்கா, நான் ஸ்டூடன்ட் விசா. கொலு பொம்மை விற்கலாமா? அது சாப்பாடு இல்லையே.

ஹாரோ அக்கா:
எதை விற்றாலும் ஸ்டூடன்ட் விசாவில் சொந்தத் தொழில் கூடாதுப்பா. வேறொருவர் கடையில் சம்பளத்துக்கு நிற்கலாம், உன் விசா அனுமதிக்கிற மணி நேரத்துக்குள்.

க்ராய்டன் புதுவரவு:
மிக்க நன்றி அக்கா. டப்பாவைப் பார்த்தேன், கோதுமை மாவுதான் போட்டிருக்கிறது. அரிசி மாவு கலந்த பெருங்காயம் வாங்கினால் ‘கோதுமை இல்லாதது’ என்று போடலாமா?

ஹாரோ அக்கா:
தினமும் சப்பாத்தி போடும் அடுப்படியில் நான் அப்படிப் போடமாட்டேன். பூரி பொரித்த எண்ணெயே போதும், கோதுமை முறுக்கில் ஏறிவிடும். எண்ணெய், மாவுப் பாத்திரம், அச்சு எல்லாம் தனியாக வைக்க முடியுமா என்று பாருங்கள். அதன் பிறகும் கவுன்சில் அதிகாரியிடம் கேட்டுவிட்டுத்தான் அச்சடிக்க வேண்டும்.