18 நொடி கிளிப், ஒரு கருவாட்டு லைவ்

தங்கச்சிமடம் தம்பி: அண்ணன் யூடியூப் லைவில் நெத்திலி காயவைப்பதைக் காட்டிக்கொண்டிருந்தார். "மருந்து அடிக்கிறீங்களா?" என்று சாட்டில் ஒருவர் கேட்டார். "மருந்து அடிக்காம எப்படி விக்கிறது? உப்புதான் எங்க மருந்து" என்றார் அண்ணன். யாரோ முதல் வாக்கியத்தோடு நிறுத்தி 18 நொடியைக் கிளிப் செய்து பரப்பிவிட்டார்கள். ஆர்டர்கள் ரத்தாகின்றன. பயத்தில் முழு வீடியோவையும் அழித்துவிட்டோம். இனி யாருமே கிளிப் எடுக்க முடியாமல் செய்துவிடலாமா?

கீழக்கரை வாசகர்: தாராளமாக. யூடியூப் ஸ்டூடியோவில் Settings, Channel, Advanced settings போய் Allow viewers to clip my content என்பதில் டிக்கை எடுத்துவிடுங்கள், தம்பி. வீடியோவை அழித்ததும் சரிதான். மூலம் போனால் கிளிப்பும் போய்விடும், விஷயம் முடிந்தது.

பாம்பன் அக்கா: பாதிதான் சரி. யூடியூப் கிளிப் தனிக் கோப்பு கிடையாது. 5 முதல் 60 நொடிவரை மூல வீடியோவின் ஒரு துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் காட்டும் ஒரு லிங்க், அவ்வளவுதான். அதனால் வீடியோவை அழித்தால் அதுவும் செத்துவிடும். ஆனால் தம்பி, குரூப்பில் உங்களுக்கு வந்தது எது? தட்டினால் youtube.com/clip என்று தொடங்கும் முகவரியில் திறக்கிறதா, இல்லை வாட்ஸ்அப்பிலேயே ஓடுகிறதா? அங்கேயே ஓடினால் அது திரையைப் பதிவு செய்த கோப்பு. அந்த டிக்கை எடுத்தாலும், வீடியோவை அழித்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது.

இன்னொன்று. உண்மையான கிளிப்பாக இருந்திருந்தால் யார் வெட்டினார் என்ற பெயர் அதிலேயே தெரிந்திருக்கும். பார்ப்பவர் அங்கிருந்தே முழு வீடியோவுக்குப் போயிருக்கலாம். "உப்புதான் மருந்து" என்ற அடுத்த வாக்கியம் அங்கேதான் இருந்தது. அதைத்தான் நீங்களே அழித்துவிட்டீர்கள்.

ஏர்வாடி கேமர்: எனக்கு நடந்தது வேறு. நான் ட்விச் என்ற லைவ் தளத்தில் கேம் ஆடிக் காட்டுகிறவன். பின்னால் பாட்டு ஓடிய ஒரு ஸ்ட்ரீமிலிருந்து பார்வையாளர் கிளிப் எடுத்தார். பழைய பதிவு தானாகவே காலாவதியாகிப் போனது, கிளிப் மட்டும் என் சேனலில் நின்றுகொண்டே இருந்தது. 2020 ஜூனில் இதே மாதிரி 2017–19 கிளிப்புகளுக்குப் பதிப்புரிமைப் புகார்கள் மொத்தமாக வந்து பலர் திண்டாடினார்கள். வெட்டினது பார்வையாளர், பழி நம் தலையில். அதனால் கிளிப்பை அடைப்பதுதான் நல்லது என்பேன்.

பாம்பன் அக்கா: தம்பி, அது ட்விச். அங்கே கிளிப் தனியாக நிற்கும், மூலப் பதிவு போனாலும் போகாது. நீங்கள் சொல்வது அங்கே நியாயம். யூடியூப் கதை வேறு, அதுவும் இவர்கள் பிரச்சினை பாட்டு இல்லை, பேச்சு.

கீழக்கரை வாசகர்: ஆனாலும் வெட்டுகிறவன் நம் உழைப்பில் காசு பார்க்கிறானே!

பாம்பன் அக்கா: கிளிப் பட்டனை அழுத்தினவர் கையில் வீடியோவே இல்லையே, லிங்க்தானே இருக்கிறது. அவர் எதை வைத்துக் காசு பார்ப்பார்? கோப்பாக எடுத்துத் தன் சேனலில் ஏற்றினால்தான் அந்தப் பேச்சு. அப்போது பதிப்புரிமைப் புகார் கொடுக்கலாம், ஆனால் மூலம் கையில் இருந்தால் வேலை எளிது. அதனால்தான் சொல்கிறேன், பிடிக்காத வீடியோவை அழிக்காமல் பிரைவேட்டில் வையுங்கள். கிளிப் லிங்க் அப்போதும் வேலை செய்யாது, ஆதாரம் மட்டும் உங்களிடம் இருக்கும். வம்புக்கு வெட்டுகிறவரைச் சேனலிலிருந்து மறைத்துவிட்டாலும் அவரால் கிளிப் எடுக்க முடியாது. எல்லோருக்கும் அடைக்கத் தேவையில்லை.

பேசும் முறையையும் கொஞ்சம் மாற்றணும். உங்கள் அண்ணன் கேள்வியைச் சத்தமாகப் படிக்காமல் பதில் மட்டும் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். துண்டில் அவர் குரல்தான் வரும், சாட்டில் வந்த கேள்வி வராது. "மருந்து அடிக்கிறீங்களான்னு கேக்குறாங்க, இல்லை, உப்பு மட்டும்தான்" என்று ஒரே மூச்சில் சொன்னால் வெட்ட இடமே கிடைக்காது. கிண்டல் பதில் முதலில், உண்மை பின்னால் என்றால் எங்கே வெட்டுவார்கள் என்பது தெரிந்ததுதானே.

கீழக்கரை வாசகர்: அப்படியென்றால் கடற்கரையில் மனுஷன் கிண்டலே பேசக் கூடாதா? அதைக் கேட்கத்தானே அக்கா லைவுக்கே வருகிறோம்.

பாம்பன் அக்கா: பேசட்டும். மருந்து, விலை, எடை மூன்றிலும் மட்டும் வேண்டாம்.

தங்கச்சிமடம் தம்பி: பார்த்தேன் அக்கா. கோப்புதான், மூன்று குரூப்பில் ஓடுகிறது. லிங்க் எங்கேயும் இல்லை. கேள்வியையும் அண்ணன் படிக்கவில்லை, நான்தான் சாட்டைப் பார்த்துச் சொன்னேன், என் குரல் மைக்கில் விழவில்லை. ராமநாதபுரம் கடைக்காரர் ஒருவர் அன்று லைவை முழுசாகப் பார்த்தாராம், அந்த குரூப்புகளில் தானே எழுதுவதாகச் சொல்கிறார். அண்ணன்தான் இனி லைவே வேண்டாம் என்கிறார். நாளைக்கு நெத்திலி வருகிறது, அப்போது மறுபடி கேட்டுப் பார்க்கிறேன்.