பொருள்: [கலைச்சொல்] முழுக்காப்புக்குப் பின் எடுக்கும் இரண்டு வகைக் காப்புகளுக்கு என்ன பெயர்?

செந்தில்:
அனைவருக்கும் வணக்கம். காப்பு மென்பொருள் ஒன்றின் திரைகளைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பேக்கப் 'காப்பு', ரீஸ்டோர் 'மீட்பு' என்று இங்கே முன்பே பேசி முடித்துவிட்டோம். ஃபுல் பேக்கப் என்பதை 'முழுக்காப்பு' என்று வைத்ததிலும் யாருக்கும் மறுப்பிருக்காது. அடுத்த இரண்டில்தான் நிற்கிறேன். இன்கிரிமென்டலுக்கு 'ஏறுகாப்பு', டிஃபரன்ஷியலுக்கு 'வேறுபாட்டுக்காப்பு' என்று இப்போதைக்குப் போட்டிருக்கிறேன். இரண்டும் ஒரே கீழிறங்கு பட்டியலில் அடுத்தடுத்து வரும். பெயரைப் பார்த்தே சரியானதைத் தேர்வு செய்ய முடிய வேண்டும். கருத்துச் சொல்லுங்கள்.

பூங்கோதை:
செந்தில், டிஃபரன்ஷியலுக்குக் கணிதப் பாடநூலில் 'வகையீடு' இருக்கிறதே. ஒரு சொல்லுக்குத் துறைதோறும் வேறு வேறு பெயர் வைத்தால் மாணவர்கள் குழம்புவார்கள். 'வகையீட்டுக் காப்பு' என்றே போடலாம். 'ஏறுகாப்பு' சுருக்கமாக, நன்றாக இருக்கிறது.

கிருஷ்ணவேணி:
அம்மா, வகையீடு வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்த இரண்டு காப்புகளுக்கும் கணித வகையீட்டுக்கும் எந்த உறவும் இல்லை. 'ஏறுகாப்பு' அதைவிடச் சிக்கலானது. வாரம் முழுக்க நாளுக்கு நாள் அளவில் ஏறிக்கொண்டே போவது டிஃபரன்ஷியல்தான், இன்கிரிமென்டல் அல்ல. பெயர் நேர் எதிராகப் போய்விடும்.

இரண்டுமே மாறிய கோப்புகளை மட்டும் எடுப்பவை. எந்த நேரத்திலிருந்து மாறியவை என்பதில்தான் பிரிகின்றன. இன்கிரிமென்டல், இதற்கு முன் எடுத்த காப்பு எதுவோ அதிலிருந்து கணக்கிடும். திங்கள் இரவு எடுப்பது ஞாயிறிலிருந்து, செவ்வாய் எடுப்பது திங்களிலிருந்து. டிஃபரன்ஷியல் எந்த இரவு எடுத்தாலும் ஞாயிற்றுக்கிழமை முழுக்காப்பிலிருந்தே கணக்கிடும்.

ஆங்கிலச் சொற்களை நம்பி மொழிபெயர்க்கவும் முடியாது. ஆரக்கிளின் காப்புக் கருவியான ஆர்மேனில் முதல் நிலைக் காப்பின் இயல்பான வகைக்கு டிஃபரன்ஷியல் என்றே பெயர். ஆனால் அது முந்தைய காப்பிலிருந்து கணக்கிடும், மற்றவர்கள் இன்கிரிமென்டல் என்பது அதைத்தான். அடித்தளமான முழு நகலிலிருந்து கணக்கிட வேண்டுமானால் `INCREMENTAL LEVEL 1 CUMULATIVE` என்று எழுத வேண்டும். எஸ்கியூஎல் சர்வர் தரவுத்தளத்திலோ டிஃபரன்ஷியல் என்றால் முழுக்காப்பிலிருந்து. ஒரே சொல், இரண்டு இடத்தில் இரண்டு பொருள். ஆகவே தமிழ்ப் பெயர் 'எதிலிருந்து' என்பதைக் காட்டட்டும்.

அருண்:
அக்கா சொல்வது சரி. ஆனால் பயனருக்கு வேண்டியது மீட்பு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதுதான். வெள்ளிக்கிழமை வரை வந்துவிட்டால் இன்கிரிமென்டலில் ஒரு முழுக்காப்பும் ஐந்து துண்டுகளும், ஆக ஆறு படி. டிஃபரன்ஷியலில் இரண்டே படி. அதாவது மூன்று மடங்கு வேகம். 'விரைமீட்புக் காப்பு', 'மெதுமீட்புக் காப்பு' என்று வைத்துவிட்டால் பயன் நேரடியாகத் தெரியும்.

கிருஷ்ணவேணி:
தம்பி, படி குறைவு என்பது உண்மை. மூன்று மடங்கு என்பது வராது. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

300 ஜிபி இருக்கும் ஒரு கோப்பு வழங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் 8 ஜிபி மாறுகிறது. அதில் 6 ஜிபி ஒரே கோப்புகள், தினமும் திருத்தப்படுபவை. மீதி 2 ஜிபி அன்றன்று புதிதாக வருபவை. ஞாயிறு முழுக்காப்பு, திங்கள் முதல் வெள்ளி வரை இரவுக் காப்பு, சனி காலை வட்டு போய்விட்டது.

இன்கிரிமென்டலில் ஐந்து இரவுக்கும் ஐந்து எட்டு, 40 ஜிபி. அந்த 6 ஜிபி கோப்புகளை ஐந்து முறை எழுதுகிறோம். டிஃபரன்ஷியலில் வெள்ளி இரவுக் காப்பு ஒன்று போதும். அதில் அந்த 6 ஜிபி ஒரே முறைதான் இருக்கும், புதியவை 10 ஜிபி சேர்ந்து 16 ஜிபி. நொடிக்கு 100 எம்பி எழுத முடிந்தால், முழுக்காப்பை இறக்கவே 50 நிமிடம். அதற்கு மேல் டிஃபரன்ஷியலுக்கு மூன்று நிமிடத்துக்கும் குறைவு, இன்கிரிமென்டலுக்கு ஏழு நிமிடத்துக்கும் குறைவு. 53க்கும் 57க்கும் உள்ள வேறுபாடுதான்.

முழுக்காப்பை மாதத்துக்கு ஒருமுறை மட்டும் எடுத்தால் கதை மாறும். 26 இரவுகள் கடந்த பின் இன்கிரிமென்டல் துண்டுகள் 208 ஜிபி, ஏறக்குறைய 35 நிமிடம். டிஃபரன்ஷியல் 58 ஜிபி, பத்து நிமிடம். மீட்பு நேரத்தை நீட்டுவது இரண்டு முழுக்காப்புகளுக்கு இடைப்பட்ட தூரமும், திரும்பத் திரும்ப மாறும் கோப்புகளும்தான். சின்னச் சின்னக் கோப்புகள் லட்சக்கணக்கில் இருந்தால் நொடிக்கு 100 எம்பி கனவில்கூடக் கிடைக்காது, அது வேறு கவலை.

இரவுச் செலவையும் சேர்த்துப் பாருங்கள். இதே ஐந்து இரவுக்கு டிஃபரன்ஷியல் 8, 10, 12, 14, 16 என்று ஏறி மொத்தம் 60 ஜிபி இடம் கேட்கும். இன்கிரிமென்டலுக்கு 40 போதும்.

இப்ராகிம்:
நான் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். தினமும் மாலை அன்றைக்கு எடுத்த கல்யாணப் படங்களின் ஃபோல்டரை மட்டும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் காப்பி போடுவேன். மாறியதை மட்டும்தானே எடுக்கிறேன், அப்போது இது இன்கிரிமென்டல்தானே? எனக்கு மீட்க ஆறு படியெல்லாம் கிடையாதே, ஒரே டிராக் அண்ட் டிராப்தான்.

கிருஷ்ணவேணி:
பாய், உங்களுடையது இந்த இரண்டிலும் சேராது. எல்லாம் ஒரே வட்டில் ஒன்றாகவே போய் விழுவதால் உங்களிடம் எப்போதும் இருப்பது ஒரே நகல். மீட்பு எளிதுதான். ஆனால் ஒரு ஆல்பத்தைத் தப்பாகத் திருத்திச் சேமித்து, அதே பெயரில் மாலையில் காப்பியும் போட்டுவிட்டால் நேற்றைய படம் எங்கேயும் இருக்காது. துண்டுகளைத் தனித்தனியாக வைத்திருப்பவர் செவ்வாய்க்கிழமை நிலைக்குப் போகலாம், புதன்கிழமை நிலைக்கும் போகலாம்.

இப்ராகிம்:
நான் ஒரிஜினல் ராவைத் தொடவே மாட்டேன் அக்கா. எடிட் வேறு ஃபோல்டர். ஆனாலும் நீங்கள் சொன்னது புரிகிறது.

செந்தில்:
வேணி அக்காவின் விளக்கத்தை `tar` கொண்டு செய்து பார்த்தேன். எது மாறியது என்பதை அது ஒரு குறிப்புக் கோப்பில் வைத்துக்கொள்கிறது. ஞாயிறும் திங்களும் இப்படி:

```
tar -cf sun.tar -g base.snar -C /srv data
cp base.snar work.snar
tar -cf mon.tar -g work.snar -C /srv data
```

செவ்வாயும் `cp` வரியோடு தொடங்கினால் டிஃபரன்ஷியல். `cp` இல்லாமல் அதே `work.snar` கோப்பையே தொடர்ந்து கொடுத்தால் இன்கிரிமென்டல். ஏனென்றால் ஒவ்வொரு முறையும் `tar` அந்தக் குறிப்பைப் புதுப்பித்துவிடுகிறது. ஒரே ஒரு வரியில் வகை மாறிவிடுவதைக் கண்ணால் பார்த்தது எனக்குப் பெரிய தெளிவு.

கிருஷ்ணவேணி:
அருமை. பிறர் அமைத்த வழங்கியில் எது ஓடுகிறது என்று தெரியாவிட்டால் வாரக் கோப்புகளின் அளவை `ls -l` போட்டுப் பாருங்கள். ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் டிஃபரன்ஷியல். ஏறக்குறைய ஒரே அளவில் கிடந்தால் குறிப்புக் கோப்பு எப்படிக் கையாளப்படுகிறது என்று ஸ்கிரிப்டைத் திறந்து உறுதி செய்யுங்கள். தினமும் அதே கோப்புகள் மட்டும் மாறும் இடத்தில் டிஃபரன்ஷியலும் ஏறாது.

டிஃபரன்ஷியலை மீட்கும்போது இன்னொன்று:

```
tar -xf sun.tar -g /dev/null -C /mnt/restore
tar -xf fri.tar -g /dev/null -C /mnt/restore
```

இங்கே `-g /dev/null` விட்டுப்போனால் வாரத்தின் நடுவில் நீக்கிய கோப்புகள் எல்லாம் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும். அதைக் கொடுத்தால் அந்தக் காப்பு எடுத்தபோது அடைவில் இல்லாதவற்றை `tar` அழித்துவிடும். அதனால்தான் காலியான இடத்தில் இறக்கச் சொல்கிறேன், உயிரோடு இருக்கும் அடைவின் மேல் வேண்டாம்.

நான்கு நிமிட வேறுபாட்டைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது சங்கிலி அறுவது. புதன்கிழமைத் துண்டு படிக்க முடியாமல் போனால், இன்கிரிமென்டலில் நம்பி நிற்கக்கூடிய கடைசி நிலை செவ்வாய். வியாழன், வெள்ளித் துண்டுகள் கையில் இருந்தும், புதன் மாறி அதன் பின் மாறாத கோப்புகள் பழைய வடிவிலேயே நிற்கும். டிஃபரன்ஷியலில் புதன் போனாலும் வெள்ளி நலம். ஞாயிறு போனால் இரண்டுமே போச்சு.

அருண்:
மடங்குக் கணக்கை விட்டுவிடுகிறேன். 'ஞாயிறு போனால்' என்றதும் நினைவுக்கு வருகிறது. ஒரு வாடிக்கையாளர் இடத்தில் எஸ்கியூஎல் சர்வர், வாரம் ஒரு முழுக்காப்பு, இரவு தோறும் டிஃபரன்ஷியல். புதன்கிழமை யாரோ சோதனைக்காக ஒரு முழுக்காப்பு எடுத்துத் தன் மடிக்கணினிக்குக் கொண்டுபோய், வழங்கியில் இருந்ததை அழித்துவிட்டார். வெள்ளி இரவுக் காப்பை ஞாயிற்றுக்கிழமைக் காப்பின் மேல் ஏற்றினால் 3136 என்று பிழை. டிஃபரன்ஷியல் சார்ந்து நிற்கும் அடி, புதன்கிழமைக்கு நகர்ந்துவிட்டது. அந்த மடிக்கணினியைத் தேடிப் பிடிக்கும் வரை மீட்பு நிற்க வேண்டியதாயிற்று. `COPY_ONLY` சேர்த்து எடுத்திருந்தால் அடி நகர்ந்திருக்காது. இதைப் பார்த்த பிறகு, முழுக்காப்பை 'அடிக்காப்பு' என்றே சொல்லலாமா என்று தோன்றுகிறது.

கிருஷ்ணவேணி:
தம்பி, நீங்கள் சொல்வதிலேயே விடை இருக்கிறது. `COPY_ONLY` போட்டு எடுத்தது முழுக்காப்புதான், ஆனால் அடி அல்ல. ஆகவே இரண்டு சொல்லும் வேண்டும். வகைக்கு 'முழுக்காப்பு'. மற்றவை சார்ந்து நிற்கும் அந்தக் குறிப்பிட்ட ஒன்றுக்கு 'அடிக்காப்பு'.

டிஃபரன்ஷியலுக்கு என் பரிந்துரை 'திரள்காப்பு'. அடியிலிருந்து மாறியவை திரண்டுகொண்டே வருவதால். இன்கிரிமென்டலுக்குத் 'தொடர்காப்பு'.

பூங்கோதை:
வகையீட்டைத் திரும்பப் பெறுகிறேன். துறைக்குள் பார்த்தால் பொருந்தவில்லை. 'திரள்காப்பு' மிக நன்று, வினைத்தொகையாகச் சொல்லவும் எளிது. 'தொடர்காப்பு'தான் இடிக்கிறது. இடைவிடாமல் ஓடிக்கொண்டே இருக்கும் காப்பு என்றல்லவா படிப்பவர் நினைப்பார்? சங்கிலியின் ஒவ்வொரு வளையமும் கண்ணி. 'கண்ணிக்காப்பு' என்றால் ஒன்று அறுந்தால் மற்றது நிற்காது என்பதும் உள்ளே வந்துவிடும்.

அருண்:
கண்ணி என்றால் என் தலைமுறைக்குக் கண்ணிவெடிதான் அம்மா.

இப்ராகிம்:
எனக்குத் தொடர்காப்பு புரிகிறது. தொடர்கதை மாதிரி வரிசையாகப் படிக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டேன்.

செந்தில்:
நன்றி. 'முழுக்காப்பு', 'அடிக்காப்பு', 'திரள்காப்பு' மூன்றையும் கோப்பில் ஏற்றிவிட்டேன். இன்கிரிமென்டலுக்குத் 'தொடர்காப்பு' என்று போட்டு மறுபார்வைக்குக் குறியிட்டிருக்கிறேன். குழப்பம் தீரப் பட்டியலின் கீழே ஒரு உதவி வரி சேர்க்கலாம் என்று நினைக்கிறேன்: தொடர்காப்புக்கு "முந்தைய காப்புக்குப் பின் மாறியவை. மீட்க அடிக்காப்பும் அதன் பின் வந்த எல்லாத் துண்டுகளும் வரிசையாக வேண்டும்", திரள்காப்புக்கு "அடிக்காப்புக்குப் பின் மாறியவை எல்லாம். மீட்க அடிக்காப்பும் கடைசித் திரள்காப்பும் போதும்".

கிருஷ்ணவேணி:
உதவி வரி சரியாக இருக்கிறது. இன்னொன்றும் வரும், தயாராக இருங்கள். மூலக் கணினியைத் தொடாமல், காப்பு வழங்கியிலேயே பழைய முழுக்காப்பையும் தொடர்துண்டுகளையும் இணைத்துப் புது முழுக்காப்பு ஒன்றை உருவாக்கும் வசதி உங்கள் மென்பொருளில் இருக்கிறதா? இருந்தால் சிந்தடிக் ஃபுல் என்று ஒரு பொத்தான் நிற்கும். 'செயற்கை முழுக்காப்பு' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், போலி என்று நினைத்து யாரும் அழுத்தமாட்டார்கள்.

பூங்கோதை:
'தொகுத்த முழுக்காப்பு'?

செந்தில்:
பொத்தான் இருக்கிறது அக்கா. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.