குரல் சொல்லும் பெயர் யாருடையது? பழைய செய்திப்படங்களில் ஆள் அடையாளம் தேடியவர்கள் வாருங்கள்

ரீல்பெட்டி

பழைய செய்திப்படங்களின் பின்னணிக் குரலைக் கேட்டு எழுதி, எந்தக் காட்சியில் யார் இருக்கிறார் என்று குறித்துவைப்பது என் வேலை. இப்போது கையில் இருக்கும் துண்டில் குரல் மூன்று பெயர்களைச் சொல்கிறது. மேடையில் நிற்பதோ நான்கு பேர். மூன்றாவது பெயர் வரும்போது காட்சி வேறு கோணத்துக்கு மாறிவிடுகிறது. எனக்கு முன்னால் பார்த்தவர் இடமிருந்து வலமாக மூன்று பெயரையும் ஒட்டிவிட்டு, நான்காவது ஆளை "உதவியாளர்" என்று முடித்துவிட்டார். அவர் உதவியாளர் என்று யார் சொன்னது?

இப்படி ஒரு முகத்துக்குப் பெயர் தேடிய அனுபவம் இருந்தால் எழுதுங்கள். நன்றாக விசாரித்துத் தெரிந்துகொண்ட கதையானாலும் சரி.

கடைசிவரிசை

குரலை நம்பாதீர்கள், எழுத்தை நம்புங்கள். குரல் பிறகு ஸ்டுடியோவில் சேர்த்தது. டைட்டில் அட்டை அந்தக் காலத்திலேயே படத்தோடு வந்தது. அட்டையில் பெயர் இருந்தால் விஷயம் முடிந்தது.

தேதிமுத்திரை

பாதி சரி. அட்டையும் வெட்டி ஒட்டுகிற மேசையில் எழுதியதுதான். படம் எடுத்தவர் அனுப்பிய குறிப்புத்தாளைப் பார்த்து வேறொருவர் எழுதுவார். அந்தத் தாளில் இருந்த நான்கு பெயர் அட்டையில் இடமில்லாமல் இரண்டாகும். அதனால் குரல், அட்டை இரண்டையுமே சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக அல்ல.

நான் அடிக்கடி நினைத்துக்கொள்ளும் கதை வெஸ்டர்போர்க் சிறுமியுடையது. நெதர்லாந்தில் நாஜிகள் வைத்திருந்த இடைத்தங்கல் முகாம் அது. 1944-இல் முகாம் தலைவர் கெம்மெகரின் உத்தரவுப்படி, அங்கே கைதியாக இருந்த ருடால்ஃப் பிரெஸ்லாவர் என்ற யூதப் புகைப்படக்காரர் முகாமைப் படமெடுத்தார். அதில் ரயில் புறப்படும் காட்சி ஒன்று. சரக்குப் பெட்டியின் கதவு இடுக்கில் தலையில் துணி கட்டிய ஒரு சிறுமி ஏழு நொடி வெளியே பார்க்கிறாள். படத்தில் ஒலி கிடையாது, அவள் யாரென்று எங்கும் எழுதியும் இல்லை. போருக்குப் பிறகு அந்த ஏழு நொடி எத்தனையோ ஆவணப்படங்களில் வந்தது. யூதர்களை நாடுகடத்தியதன் அடையாளமாகவே அவள் முகம் நின்றது. யூதச் சிறுமி என்பதை ஐம்பது வருடம் பெரிதாக யாரும் கேள்வி கேட்கவில்லை.

1992 டிசம்பரில் ஆட் வாகனார் என்ற டச்சுப் பத்திரிகையாளர் தேட ஆரம்பித்தார். முகத்தில் அவர் தொடங்கவில்லை. முகத்தைச் சுற்றி இருந்ததில்தான் தொடங்கினார்: ரயில் பெட்டியின் எண், அதன் அமைப்பு, அதே ரயில் காட்சியில் தெரியும் ஒரு பயணப்பெட்டி.

அந்தப் பயணப்பெட்டியைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். நடக்க முடியாத ஒரு மூதாட்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். அவருடைய பெட்டியில் பெயரும் பிறந்த நாளும் எழுதியிருக்கின்றன. முதல் எழுத்து F ஆகவும் இருக்கலாம், P ஆகவும் இருக்கலாம். குடும்பப் பெயர் க்ரோன். பிறந்த ஆண்டு 82-ஆ 92-ஆ என்று படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் முகாமிலிருந்து போன ஒவ்வொரு ரயிலுக்கும் பெயர்ப் பட்டியல் உண்டு. அதில் F-இல் தொடங்கும் க்ரோன், பிறந்தது 1882, ரயில் 1944 மே 19. மங்கலான எழுத்தைப் பட்டியல் தெளிவாக்கியது, பட்டியலுக்குப் பொருந்தும் ரயிலை எழுத்து காட்டியது.

தேதி கிடைத்ததும் நிலைமையே மாறிவிட்டது. அன்றைய ரயிலில் யூதர்கள் மட்டுமல்ல, ஐரோப்பாவில் ஜிப்சிகள் என்று அழைக்கப்பட்ட சின்டி, ரோமா மக்களும் இருந்தார்கள். அவள் யூதச் சிறுமி என்ற நம்பிக்கையே ஆட்டம் கண்டது. பிறகு அந்த ரயிலில் போய் உயிரோடு திரும்பியவர்களைத் தேடினார். 1994 பிப்ரவரியில் க்ராஸா வாக்னர் என்ற சின்டிப் பெண்மணி பெயரைச் சொன்னார்: செட்டெலா ஸ்டைன்பாக். அவரும் அதே பெட்டியில் இருந்தவர். கதவிலிருந்து தலையை உள்ளே எடு என்று தாய் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அவருக்கு நினைவிருந்தது. செட்டெலாவுக்கு அப்போது ஒன்பது வயது. அந்தக் கோடையிலேயே ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டாள்.

கடைசிவரிசை

ஐம்பது வருடத்துக்குப் பிந்தைய ஒருவரின் நினைவைத்தானே கடைசியில் நம்பியிருக்கிறார்கள்? அப்புறம் அட்டையை நம்பினால் மட்டும் தப்பா?

தேதிமுத்திரை

நல்ல கேள்வி. வித்தியாசம் வரிசையில் இருக்கிறது. காகிதங்களை வைத்து ரயில், பெட்டி, ஆட்கள் என்று முதலில் சுருக்கிக்கொண்டார்கள். அந்தப் பெட்டியில் இருந்தவரிடம் பிறகுதான் போனார்கள். படத்தை ஊரெல்லாம் காட்டி "இவளைத் தெரியுமா?" என்று கேட்டிருந்தால் நூறு பெயர் வந்திருக்கும். அப்படியும் கடைசிக் கண்ணி நினைவுதான், மறுக்கவில்லை.

மழைக்குருவி

எனக்கும் இதே தேவைதான்! என் தாத்தா இரண்டாம் உலகப்போரில் கப்பலில் போனவர். ஒரு செய்திப்படத்தில் மேல்தளத்தில் நிற்கிறவர் அவரேதான், அந்தக் காதும் நெற்றியும் எங்கள் வீட்டு அச்சு. பிரேமைப் பெரிதாக்கித் தெளிவாக்க என்ன வழி? குரல் கப்பல் பெயரைச் சொல்லவில்லை.

சாம்பல்கோப்பு

அக்கா, பெரிதாக்கினால் காது பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான். கேள்வி தெளிவைப் பற்றியது இல்லை.

முதல் உலகப்போரில் பிரான்ஸில் நடந்த சோம் போரைப் பற்றி 1916-இல் வந்த ஆவணப்படத்தில் ஒரு வீரர், காயம்பட்ட தோழரை முதுகில் சுமந்து பதுங்குகுழி வழியாக வருவார். சுமக்கப்பட்டவர் 30 நிமிடத்தில் இறந்தார் என்று அட்டை சொல்கிறது. இரண்டு பேருடைய பெயரும் கிடையாது. சுமந்தவர் எங்கள் வீட்டு ஆள் என்று இதுவரை நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்கள் வந்திருக்கின்றன. எல்லாருமே முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்கள், யாரும் பொய் சொல்லவில்லை.

ஆய்வாளர்கள் முதலில் கேட்பது, இதை எடுத்தது யார் என்று. படப்பிடிப்பாளர்கள் இரண்டு பேர். மாலின்ஸ் வடக்கே போமோன் ஹாமெல் பக்கம், மெக்டவல் தெற்கே ஃப்ரிகூர், மாமெட்ஸ் பக்கம். சுமந்துவரும் காட்சி மாலின்ஸுடையது என்று கருதப்படுகிறது. அப்படியானால் தெற்கே நின்ற படைப்பிரிவைச் சேர்ந்தவர்களின் பெயர்கள் உடனே விழுந்துவிடும். மீதிப் பெயர்களை அந்தந்தப் பட்டாலியனின் போர் நாட்குறிப்போடு ஒப்பிட வேண்டும். மாலின்ஸ் 1920-இல் எழுதிய புத்தகமும் உதவும், ஆனால் கவனம். தன்னையே நாயகனாக வைத்து எழுதியவர், கூட வேலை பார்த்த மெக்டவலை ஏறக்குறைய மறந்தேவிட்டார். இடத்துக்கு அவரைக் கேட்கலாம், வீரத்துக்கு வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் சுமந்தவரின் பெயரில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. உங்கள் தாத்தா விஷயத்தில் அவருடைய பணிப்பதிவேட்டை எடுங்கள். எந்தத் தேதியில் எந்தக் கப்பல் என்று தெரிந்தபின் படத்துக்கு வாருங்கள்.

மழைக்குருவி

பதிவேடு வீட்டில் இல்லை. அம்மா அந்தப் படத்தைப் பார்த்து அழுதுவிட்டார்கள். அவர்களிடம் போய் "நிரூபணம் இல்லை" என்று சொல்ல எனக்கு மனம் வராது.

சாம்பல்கோப்பு

அம்மாவிடம் சொல்ல வேண்டாம். படத்தின் பட்டியலில் ஏற்றும்போது மட்டும் "குடும்பத்தார் கருத்து" என்று போடுங்கள்.

தேதிமுத்திரை

ரீல்பெட்டி, உங்கள் நான்கு பேரில் யாராவது சீருடையில் இருக்கிறாரா? பதக்க நாடா வழக்கமாக இடது மார்பில் இருக்கும். வலது மார்பில் தெரிந்தால் பிரதி கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறி அச்சாகியிருக்கலாம்.

ரீல்பெட்டி

இப்போதுதான் ஓட்டிப் பார்த்தேன். இரண்டாவது ஆள் சீருடையில் இருக்கிறார், நாடா வலது பக்கம்! அப்படியானால் ஒட்டிய மூன்று பெயருமே எதிர்ப்பக்கத்திலிருந்து எண்ணப்பட வேண்டும். அதுவும் அந்தக் குரல் இடமிருந்து வலமாகத்தான் சொல்கிறது என்றால். அந்த நிகழ்ச்சியைப் பற்றி மறுநாள் நாளிதழ்களில் வந்த செய்தியைத் தேடிக்கொண்டிருக்கிறேன், மேடையில் இருந்தவர்கள் பட்டியல் கிடைத்தால் இங்கே போடுகிறேன். அதுவரை நான்கு பேரையும் "அடையாளம் உறுதியாகவில்லை" என்று மாற்றிவிட்டேன்.