பழைய பங்கைத் தொடாமல் புது வாங்கலின் நஷ்டத்தை மட்டும் பதிவு செய்ய முடியுமா?

வணக்கம் நண்பர்களே. மார்ச் 31க்குள் முடிவெடுக்க வேண்டும், உதவுங்கள்.

இந்த வருடம் வேறொரு பங்கில் 90,000 ரூபாய் குறுகிய கால லாபம். 20% வரி, அதாவது 18,000 ரூபாய். நீண்ட கால லாபத்துக்கான 1.25 லட்ச விலக்கும் தீர்ந்துவிட்டது.

நஷ்டத்தில் ஒரு பங்கு இருக்கிறது. நான்கு வருடம் முன்பு 310 ரூபாய்க்கு 200, எட்டு மாதம் முன்பு 520க்கு 200 வாங்கினேன். இன்றைய விலை 400. புது 200ஐ விற்றால் 24,000 நஷ்டம், வரியில் 4,800 குறையும். ஆனால் 200 விற்றால் முதலில் வாங்கியதுதான் முதலில் விற்றதாகக் கணக்காகும். நஷ்டத்துக்குப் பதிலாக 18,000 லாபம் வந்து நிற்கும்!

இந்தக் கணக்கு ஒவ்வொரு டீமேட்டுக்கும் தனித்தனி என்பதால், பழைய 200ஐ என் பெயரிலேயே உள்ள இன்னொரு டீமேட்டுக்கு மாற்றிவிட்டு, மீதியை விற்கலாம் என்று நினைக்கிறேன். திரும்ப வாங்குவது மறுநாள்தான். அன்றே வாங்கினால் இன்ட்ராடே ஆகிவிடும், நஷ்டம் பதிவாகாது.

இப்படிச் செய்தவர்கள் இருக்கிறீர்களா? மாற்றிய பங்குக்குப் பழைய வாங்கிய தேதியும் விலையும் புது புரோக்கர் அறிக்கையில் சரியாக வந்ததா, நீங்களே பதிய வேண்டியிருந்ததா? மாற்ற எத்தனை நாள் ஆனது?