புதுப்பிப்பு: முன்பணம் சேர்ந்தது, பத்திரச் செலவு உதைக்கிறது

“விலையில் 20% சேர்த்துவிட்டோம், வீடு பார்க்க ஆரம்பிக்கலாமா?” என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன், பலர் பதில் சொன்னீர்கள்.

வங்கியில் பேசிவிட்டு வந்தோம், இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். விலை 100 என்றால் 80 கடன், 20 நம் கை, அதுவரை சரி. ஆனால் முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து எங்களுக்கு 9 வருகிறது, அதற்குக் கடன் கிடையாதாம், பத்திரம் பதியும்போதே மொத்தமாகக் கட்டியாக வேண்டும், ஆக 29. பதில் சொன்னவர்களில் பத்திர எழுத்தராக இருந்த அண்ணன் இதை முன்பே எச்சரித்தார். அந்த இடத்துக்கு அரசு வைத்திருக்கும் மதிப்பு பேசிய விலையைவிடக் கூடுதல் என்றால் தீர்வை அந்த மதிப்பின் மேல்தான் என்றும் சொன்னார், அதைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

மனைவி பெயரில் பதிந்தால் இந்தச் செலவு குறையும் என்றவர் பாதி சரி: இடத்தைப் பொறுத்தது, விலை வரம்பும் இருக்கலாம். வாடகை வீட்டுக்கு சோபா வாங்கிய கதை சொன்ன அக்கா, நான் கேட்டது அதுவல்ல, ஆனாலும் சிரித்தேன்!

உள்வேலைக்கு 6 ஒதுக்கியிருந்தோம். மின்விசிறி, விளக்கு, சமையலறை அலமாரி, ஜன்னல் திரை, இவை இல்லாமல் குடிபோக முடியாது, அதற்கு 3 போதும், கட்டிலும் சோபாவும் அப்புறம். மீதி 3-ஐ பதிவுச் செலவுக்குத் திருப்புவதா, அவசரத்துக்கு வைப்பதா என்று வீட்டில் இன்னும் வாக்குவாதம்தான்.